மாமூல் என்றொரு பலகாரம்: மூன்றெழுத்து வேரிலிருந்து அரபுச் சொற்கள் பிறக்கும் விதம்

பெய்ரூட்டிலோ டமாஸ்கஸிலோ பண்டிகைக்கு முந்தைய நாள் இனிப்புக் கடைக்குப் போனால் ‘மஃமூல்’ கேட்டு வாங்கலாம். ரவையை வெண்ணெய் விட்டுப் பிசைந்து, உள்ளே பேரீச்சம்பழ விழுதையோ பிஸ்தாவையோ வைத்து உருட்டி, பூவேலை குடைந்த மர அச்சில் அழுத்துவார்கள். அச்சைப் பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் உருண்டை கோலத்தோடு வந்து விழும். ஈஸ்டருக்குக் கிறிஸ்தவர்களும் பெருநாளுக்கு முஸ்லிம்களும் சுடுவது இதே பலகாரத்தைத்தான்.

நம் ஊரில் மாமூல் என்றால் யாரும் வாயில் போட்டுக்கொள்வதில்லை. சட்டைப் பையில்தான் போட்டுக்கொள்வார்கள். வெள்ளம் வடிந்த மறுநாள் நாளிதழ்கள் ‘மாமூல் வாழ்க்கை திரும்பியது’ என்று எழுதும்போது அதற்கு ‘வழக்கமான’ என்ற பொருள். பலகாரம், லஞ்சம், வழக்கம் ஆகிய மூன்றுக்கும் சொல் ஒன்றே. ‘செய்யப்பட்டது’ என்பதுதான் அதன் நேர்ப்பொருள். கையால் செய்யப்பட்டது பலகாரம். எப்போதும் செய்யப்பட்டு வருவது வழக்கம். பாரசீகத்திலும் உருதுவிலும் இந்தப் பொருள்தான் நிலைத்தது. வழக்கமாகக் கொடுக்கப்படுவது என்ற இடத்திலிருந்து லஞ்சத்துக்கு ஓர் எட்டுத்தான். பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த காலத்தில் அது தமிழுக்கு வந்து சேர்ந்தது.

மாமூலுக்கு ஓர் உடன்பிறப்பும் நம்மிடம் இருக்கிறது. ‘சட்டம் அமலுக்கு வந்தது’ என்கிறோமே, அந்த அமல். அரபில் ‘அமல்’ என்றால் செயல், வேலை. தமிழில் பார்த்தால் அமலுக்கும் மாமூலுக்கும் உறவு இருப்பதாகவே தோன்றாது. ஒன்று அகரத்தில் தொடங்குகிறது, மற்றது மகரத்தில் தொடங்குகிறது. அகராதியில் இரண்டுக்கும் இடையே பல நூறு பக்கங்கள் கிடக்கும். அரபு அகராதியில் இரண்டும் ஒரே பத்தியில் இருக்கும். இந்த வேறுபாட்டிலிருந்துதான் அரபு மொழியின் சொல்லாக்கத்தைப் புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டும்.

தமிழ்ச் சொல் வால் நீண்டு வளர்வது. செய் என்ற பகுதியை வைத்துக்கொண்டு செயல், செய்கை, செய்தி, செய்தான், செய்விப்பான் என்று பின்னால் ஒட்டிக்கொண்டே போகிறோம். பகுதி பெரும்பாலும் உடையாமல் முன்னால் நிற்கிறது. எனவே அகர வரிசையில் குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகிறது.

ஆனால் தமிழிலும் ஒரு சிறு ஜன்னல் உண்டு. கெடு என்ற வினை கேடு ஆகிறது, பெறு, பேறு, சுடு, சூடு. பின்னால் எதுவும் சேரவில்லை. உள்ளே இருந்த உயிர் மட்டும் நீண்டது, வினை பெயராகிவிட்டது. பள்ளியில் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று படித்திருப்போம். கெடு, கேடு இரண்டிலும் மாறாமல் நிற்பவை ககர, டகர மெய்கள். உயிர் மாறியதில் பொருள் மாறியது. தமிழ் இந்த உத்தியை ஒரு கைப்பிடிச் சொற்களோடு நிறுத்திக்கொண்டது. அரபு இதையே தன் முழு இலக்கணமாக்கிக்கொண்டது.

அரபில் வேர் என்பது பெரும்பாலும் மூன்று மெய்கள், அவ்வளவுதான். அமலின் வேர் ஐன், மீம், லாம் என்ற மூன்று எழுத்துகள். (ஐன் என்பது தொண்டையின் ஆழத்தை இறுக்கி எழுப்பும் மெய். தமிழில் அதற்கு எழுத்து இல்லை. சொல்லுக்கு முன்னால் வந்தால் உயிரெழுத்தாகவும் நடுவில் வந்தால் ஆய்தமாகவும் எழுதிச் சமாளிக்கிறோம்.) இந்த மூன்றையும் சேர்த்து யாராலும் உச்சரிக்க முடியாது. அது ஒரு சொல்லே அல்ல. ‘செயல்’ என்ற பொருளின் நிழல் மட்டும் அதில் இருக்கிறது. அந்த மெய்களுக்கு நடுவே எந்த உயிர்களை இடுகிறோம், எந்த மெய்யை இரட்டிக்கிறோம், முன்னும் பின்னும் எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் சொல் பிறக்கிறது. அந்த அமைப்புக்கு அரபு இலக்கணத்தார் ‘வஸ்ன்’ என்று பெயர் வைத்தார்கள். எடை என்று பொருள். தமிழில் அதற்கு மொழிபெயர்ப்புத் தேட வேண்டியதில்லை; ‘வாய்பாடு’ என்ற சொல் கச்சிதமாகப் பொருந்தும்.

ஏன் பொருந்தும் என்று சொல்ல வேண்டும். தமிழ் இலக்கணத்தில் ‘செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்’ என்கிறோம். வந்து, ஓடி, படித்து எல்லாவற்றுக்கும் பொதுவான அச்சாக ‘செய்’ என்ற வினையை எடுத்துக்கொண்டோம். அரபு இலக்கணத்தாரும் தங்கள் அச்சுக்கு ஒரு வேரைத் தேடி, ஃபே, ஐன், லாம் என்ற மூன்றெழுத்தை எடுத்துக்கொண்டார்கள். அதன் பொருளும் ‘செய்’ என்பதுதான். இரு மரபுகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதியதற்குச் சான்று எதுவும் இல்லை. எந்த வினைக்கும் பதிலியாக நிற்கக்கூடிய வினை எது என்று யோசித்தால் இருவருக்கும் அதுதான் அகப்பட்டிருக்கும்.

ஆக ‘ஃபாஇல்’ என்ற வாய்பாடு செய்பவரைக் குறிக்கும். ஃபே, ஐன், லாம் இருக்கும் இடங்களில் வேறு வேரின் மூன்று எழுத்துகளை முறையே வைத்தால் போதும். ‘மஃப்ஊல்’ என்ற வாய்பாடு செய்யப்பட்டதைக் குறிக்கும். ‘மஃப்அல்’ பெரும்பாலும் இடத்தைக் குறிக்கும். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு மக்தப் (அலுவலகம்), மத்அம் (உணவகம்), மத்பஃக் (சமையற்கட்டு) என்ற சொற்கள் பழக்கமாகியிருக்கும். மூன்றும் வெவ்வேறு வேர்கள், வாய்பாடு ஒன்றுதான். எழுதும் இடம், உண்ணும் இடம், சமைக்கும் இடம். ‘ம’ என்ற முன்னொட்டையும் நடுவில் வரும் அகரத்தையும் கண்டுகொண்டவுடனேயே, வேர் தெரியாவிட்டாலும், இது ஏதோ ஓர் இடம் என்று ஊகிக்கலாம்.

இனி ஐன், மீம், லாம் என்ற வேரை எடுத்து ஒவ்வொரு அச்சிலும் அழுத்திப் பார்ப்போம்.

மஃப்ஊல் அச்சில் அழுத்தினால் மஃமூல், அதைப் பார்த்துவிட்டோம். ஃபாஇல் அச்சில் அழுத்தினால் ‘ஆமில்’. இன்றைய அரபில் தொழிலாளி. பழைய கலீஃபாக்களின் ஆட்சியில் மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட ஆளுநருக்கும் வரி வசூலிப்பவருக்கும் அதே பெயர், ஏனெனில் அவரும் ஒரு வேலையைச் செய்ய அனுப்பப்பட்டவர்தான். மைசூர் சமஸ்தானத்தில் தாலுகா வருவாய் அதிகாரியை அமில்தார் என்றார்களே, அதில் இருப்பதும் இந்த வேர்தான். ‘தார்’ மட்டும் பாரசீகம்.

ஆமிலுக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஒரு விளைவை உண்டாக்கும் காரணி. ‘விலை உயர்வுக்கான காரணிகள்’ என்று அரபு நாளிதழ் எழுதும்போது இந்தச் சொல்தான் வரும். தொழிலாளியும் காரணியும் ஒரே சொல்லாக இருந்தால் குழப்பம் வராதா என்று தோன்றும். பன்மையில் அரபு அதைத் தீர்த்துவிடுகிறது. தொழிலாளர்கள் ‘உம்மால்’, காரணிகள் ‘அவாமில்’. அரபில் பன்மை என்பது எப்போதும் ‘கள்’ போல ஒட்டுவது அல்ல. பல பெயர்களை உடைத்து வேறு வாய்பாட்டில் வார்ப்பார்கள். அதனால் ஒரே ஒருமைக்கு இரண்டு பன்மைகள் அமைந்து, பொருளுக்கு ஒன்றாகப் பிரிந்துகொள்ள முடிகிறது. மே தினம் அங்கே ‘ஈதுல் உம்மால்’.

மஃப்அல் அச்சில் ‘மஃமல்’: வேலை நடக்கும் இடம், அதாவது ஆய்வுக்கூடம் அல்லது சிறு தொழிற்சாலை. ‘அமலிய்யா’ என்றால் ஒரு செயல்பாடு. மருத்துவமனையில் அது அறுவை சிகிச்சை, போர்ச் செய்தியில் ராணுவ நடவடிக்கை. ‘அமீல்’ முகவர், வங்கியில் அது வாடிக்கையாளர், அரசியல் வசவில் அந்நிய நாட்டின் கையாள். ‘உம்லா’ நாணயம். ‘உமூலா’ தரகுக் கமிஷன். கமிஷனும் நம்மூர் மாமூலும் அகராதியில் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இருப்பதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

‘முஆமலா’ என்ற வடிவத்தில் மீமுக்கு முன்னால் வரும் ஆகார நெடிலைக் கவனிக்க வேண்டும். முதல் மெய்யை அடுத்து வரும் உயிர் இப்படி நீளும்போது, செயலில் எதிரே இன்னொருவர் வந்துவிடுகிறார். எனவே முஆமலா என்றால் ஒருவரோடு ஒருவர் நடந்துகொள்ளும் விதம், கொடுக்கல் வாங்கல். வளைகுடா அரசு அலுவலகத்தில் ‘உன் முஆமலா இன்னும் முடியவில்லை’ என்று சொல்லக் கேட்டவர்கள் இருப்பார்கள். அங்கே அது மேசை மேசையாக நகரும் கோப்பு. ‘இஸ்திஃமால்’ என்பது பயன்படுத்துதல். முன்னால் வரும் ‘இஸ்த’ ஒன்றை நாடுவது, வேண்டுவது என்ற சாயலைத் தரும்; ஒரு பொருளை வேலை செய்ய வைப்பது, அதாவது பயன்படுத்துவது. பயன்படுத்தப்பட்டது ‘முஸ்தஃமல்’. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு முறை திரும்ப வரும்.

இந்த வினை வடிவங்கள் கண்டபடி வருவன அல்ல. ஒரு வேரிலிருந்து எடுக்கக்கூடிய வினை வடிவங்களை வரிசையிட்டு 15 வரை பழைய இலக்கணங்கள் காட்டும். புழக்கத்தில் உள்ளவை முதல் 10. எந்த வேரும் அந்தப் பத்தையும் பயன்படுத்திக்கொள்வது அரிது. எந்த வேர் எந்த வடிவத்தை எடுக்கும், எடுத்தால் பொருள் எவ்வளவு விலகும் என்பதைக் கேட்டும் படித்தும்தான் தெரிந்துகொள்ள முடியும். வாய்பாடு ஊகத்துக்கு உதவும், உத்தரவாதம் தராது. அரபு ஏதோ கணக்குப்போல இயங்கும் மொழி, வேரும் வாய்பாடும் தெரிந்தால் அகராதியே வேண்டாம் என்று சிலர் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

எழுத்துமுறையும் இதற்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது. நாளிதழிலும் கடைப் பலகையிலும் குற்றுயிர்களை எழுதுவதில்லை. ஐன், மீம், லாம் என்று மூன்றெழுத்து மட்டும் அச்சில் இருந்தால் அதை ‘அமல்’ (வேலை) என்று படிக்கலாம், ‘அமில’ (செய்தான்) என்றும் படிக்கலாம், ‘உமில’ (செய்யப்பட்டது) என்றும் படிக்கலாம். வாசகர் வாக்கியத்தைப் பார்த்து எந்த வாய்பாடு என்று முடிவு செய்கிறார். புதிதாகக் கற்பவர்கள் வாக்கியத்தின் பாதியில் திணறி, திரும்பப் போய் வேறு உயிர்களைப் போட்டுப் படிப்பார்கள்.

இப்போது மீமையும் லாமையும் இடம் மாற்றி வைப்போம். ஐன், லாம், மீம். பொருள் ‘அறி’ என்று ஆகிவிடுகிறது. அலிம என்றால் அறிந்தான். நடு மெய்யை இரட்டித்து அல்லம என்றால் அறியவைத்தான், கற்பித்தான். அதற்கு முன்னால் ‘த’ சேர்த்துத் தஅல்லம என்றால் தனக்குத்தானே அறியவைத்துக்கொண்டான், அதாவது கற்றான். இஸ்தஃலம என்றால் அறிய நாடினான், விசாரித்தான்; விமான நிலையத்தில் விசாரணை மேசைக்கு மேலே ‘இஸ்திஃலாமாத்’ என்று எழுதியிருக்கும். அறிந்தவர் ஆலிம், அவருடைய பன்மை உலமா. அறியப்பட்டது மஃலூம். வளைகுடாவில் இந்தியத் தொழிலாளிகள் எதற்கெடுத்தாலும் சொல்லும் ‘மாஃபி மாலும்’ (தெரியாது) இதுதான். மாமூலும் மாலுமும் ஒரே அச்சு. வேரில் இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கிறது.

எழுத்துகளை இப்படி இடம் மாற்றிப் பார்க்கும் விளையாட்டை முதலில் முறையாக ஆடியவர் 8ஆம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்த அல்-கலீல் இப்னு அஹ்மத். அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவரும் அவரே. அவர் பெயரில் வழங்கும் ‘கிதாபுல் ஐன்’ அரபின் முதல் அகராதி. அதை அவர் முதல் எழுத்தான அலிஃபிலிருந்து தொடங்கவில்லை. தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் ஒலியிலிருந்து உதடு வரை எழுத்துகளை வரிசைப்படுத்தினார். அதனால் ஐன் முதலில் வந்தது, நூலுக்கும் அதுவே பெயரானது. பிறகு ஒவ்வொரு மூன்றெழுத்துக் கூட்டத்தையும் எடுத்து அதன் ஆறு வரிசை மாற்றங்களையும் ஒரே இடத்தில் வைத்தார். ஐன், லாம், மீம் கூட்டத்தில் அறிவு என்ற வேரும் வேலை என்ற வேரும் வருகின்றன. லாம், மீம், ஐன் என்று வைத்தால் ‘மின்னு, ஒளிர்’ என்ற வேர் வருகிறது.

28 எழுத்துகளில் ஒன்று மீண்டும் வராமல் மூன்றை வரிசையாக எடுத்தால் 28 × 27 × 26 = 19,656 வேர்கள் கிடைக்க வேண்டும். மொழி அவ்வளவையும் பயன்படுத்தவில்லை. உயிரோடு இருக்கும் வரிசைக்கு அல்-கலீலின் மரபு ‘முஸ்தஃமல்’ என்று பெயரிட்டது, பயன்படுத்தப்பட்டது. மற்றது ‘முஹ்மல்’, கைவிடப்பட்டது. அந்த முஸ்தஃமல்தான் முதல் முறை திரும்ப வந்திருக்கிறது.

கைவிடப்பட்டவற்றில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. வேரின் முதல் இரண்டு மெய்களும் ஒரே எழுத்தாக இருப்பது இல்லை என்றே சொல்லிவிடலாம். வாயில் ஒரே இடத்தில் பிறக்கும் இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வருவதையும் மொழி தவிர்க்கிறது. ஆயிரக்கணக்கான வினை வேர்களை எண்ணி இதை 1950இல் விரிவாகக் காட்டியவர் மொழியியலாளர் ஜோசப் கிரீன்பர்க். ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருக்கலாம். ரே, தால், தால்: திருப்பிக் கொடு, மறு. நம் ‘ரத்து’ அங்கிருந்து வந்தது. இத்தகைய ஒழுங்குகள் வேற்றுமொழிச் சொல்லைக் கண்டுபிடிக்கவும் உதவின. ஜீமும் தொண்டையடிக் காஃபும் ஒரே சொல்லில் வந்தால் அது அரபுச் சொல் அல்ல என்பது பழைய அகராதிக்காரர்களின் விதி. கோட்டைச் சுவரைத் தகர்க்கும் ‘மன்ஜனீக்’ என்ற கவண்பொறி கிரேக்கத்திலிருந்து வந்தது. 12ஆம் நூற்றாண்டில் இத்தகைய கடன்சொற்களைத் தொகுத்து நூல் செய்தவரின் பெயர் அல்-ஜவாலீக்கீ. ஜீமும் காஃபும் அவர் பெயரிலேயே இருக்கின்றன. சாக்குப்பை என்று பொருள்படும் பாரசீகக் கடன்சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

வேர் என்பது இலக்கணத்தார் கட்டிய கற்பனையா, பேசுபவர் தலைக்குள் உண்மையிலேயே இருக்கிறதா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. இதில் என்னை அசைத்த சான்று 2000இல் வெளியான ஓர் ஆய்வு. மூளைப் பாதிப்பால் பேச்சு குலைந்த ஒருவர். அரபு, பிரெஞ்சு இரண்டும் அறிந்தவர். அரபுச் சொல்லைச் சொல்லும்போது வேரின் மெய்களை இடம் மாற்றிச் சொன்னார்; வாய்பாட்டுக்குரிய உயிர்களும் ஒட்டுகளும் தங்கள் இடத்திலேயே இருந்தன. பிரெஞ்சில் அவர் அப்படிக் குழப்பவில்லை. அல்-கலீல் தாளில் செய்ததை அவருடைய நாக்கு தானாகச் செய்தது. அரபில் வேர் தனி உருப்படியாக இல்லாவிட்டால் அது மட்டும் தனியே குலைந்திருக்காது என்பது ஆய்வாளர்களின் வாதம்.

நடைமுறையில் கற்பவரை அழவைப்பது வேர் ஒளிந்துகொள்ளும் இடங்கள். வாவும் யேயும் பலவீனமான எழுத்துகள். உயிர்களுக்கு நடுவே அகப்பட்டால் கரைந்துவிடும். அரபு கற்கத் தொடங்கிய புதிதில் ‘இகாமா’ என்ற சொல்லை அகராதியில் அலிஃபுக்குக் கீழே தேடித் தேடி அலுத்திருக்கிறேன். நம்மவர்கள் இக்காமா என்று சொல்லும் அந்தக் குடியிருப்பு அட்டைதான். அதன் வேர் காஃப், வாவ், மீம்: நில், எழு. ‘இஃப்ஆல்’ என்ற அச்சில் வார்த்தால் ‘இக்வாம்’ என்று வர வேண்டும். நடுவிலுள்ள வாவ் ஆகாரத்தில் கரைந்துபோய், இழப்புக்கு ஈடாகக் கடைசியில் ஓர் அகரம் சேர்ந்து இகாமா ஆகிவிட்டது. நிலைபெறச் செய்தல், தங்குதல் என்று பொருள். அதே வேரில் தங்கும் இடம் ‘முகாம்’. முகாம் போட்டிருக்கிறார்கள் என்று தமிழில் எழுதும்போதும், இக்காமா புதுப்பிக்க வரிசையில் நிற்கும்போதும் கையில் இருப்பது ஒரே வேர்.

இன்னொன்றை முழுதாகப் பிரித்துப் பார்ப்போம். அமீரகத்தில் தொலைபேசி நிறுவனத்தின் பெயராகத் தெருவெல்லாம் தெரிந்த சொல் ‘இத்திஸாலாத்’. கடைசியில் உள்ள ‘ஆத்’ பன்மை. அதை எடுத்தால் இத்திஸால். இது எந்த அச்சு? ‘இஃப்திஆல்’ என்பதோடு ஒத்துப்பார்த்தால் இரண்டாம் மெய்க்கு முன்னால் வரும் தகரம் வேருக்குச் சொந்தமல்ல, வாய்பாடு கொண்டுவந்தது. கடைசி மெய்க்கு முன்னுள்ள ஆகாரமும் வாய்பாட்டுடையது. மிஞ்சுவன ஸாதும் லாமும். முதல் மெய் எங்கே? தகரம் ஏன் இரட்டித்திருக்கிறது என்று கேட்டால் விடை கிடைக்கும். முதல் மெய் தனக்கு அடுத்த தகரத்தோடு ஒன்றிப்போயிருக்கிறது. இந்த அச்சில் அப்படி ஒன்றிப்போவது பெரும்பாலும் வாவ். ஆக வேர் வாவ், ஸாத், லாம்: சேர், போய்ச் சேர். இத்திஸால் என்றால் தொடர்பு. அமீரகத்தின் இன்னொரு புகழ்பெற்ற பெயரான ‘இத்திஹாத்’ (ஒன்றியம்) இதே அச்சு; அதன் வேர் ‘ஒன்று’ என்று பொருள்படும் வாவ், ஹா, தால்.

வாவ், ஸாத், லாமிலிருந்து வரும் எளிய தொழிற்பெயர் ‘வுஸூல்’, வந்து சேர்தல். விமான நிலையத்தில் வருகைப் பகுதியில் எழுதியிருக்கும். பணம் வந்து சேர்ந்தால் அது நமக்கு ‘வசூல்’. இராக்கின் மோசுல் நகரத்தின் அரபுப் பெயர் ‘அல்-மவ்ஸில்’, இணையும் இடம். அந்த நகரின் பெயரிலிருந்து வந்தது மஸ்லின் துணி. திரைப்பட வசூலும் மஸ்லின் வேட்டியும் தூரத்துச் சொந்தம்.

இப்படிச் சொந்தம் தேடப் புறப்பட்டால் எல்லை தெரியாமல் போய்விடும் ஆபத்தும் உண்டு. ஐன், லாம், மீம் வேரின் கீழே அகராதிகள் ‘ஆலம்’ என்ற சொல்லையும் வைத்திருக்கின்றன. உலகம் என்று பொருள். ஷா ஆலம் என்ற முகலாயப் பட்டத்தில் இருப்பது. உலகத்துக்கும் அறிவுக்கும் என்ன உறவு? படைத்தவனை அறிந்துகொள்ளும் அடையாளமாக இருப்பதால் உலகம் ஆலம் ஆயிற்று என்று பழைய உரையாசிரியர்கள் அழகாக விளக்கினார்கள். மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. அராமிய மொழியிலிருந்து வந்த கடன்சொல்லாகவே அதைக் காண்கிறார்கள். எபிரேயத்திலும் அதன் உறவுச்சொல் இருக்கிறது. மெய்கள் பொருந்தியதால் அது இந்த வேரின் வீட்டில் குடியேறிவிட்டது. ஒட்டகத்துக்கு ‘ஜமல்’, அழகனுக்கு ‘ஜமீல்’, இலக்கண வாக்கியத்துக்கு ‘ஜும்லா’. மூன்றும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. ஒட்டகம் அரபியின் கண்ணுக்கு அழகு என்று கதை சொல்லலாம். கதை என்ற அளவில் நல்ல கதைதான்.

தமிழ் எழுத்தில் படிப்பவர்களுக்கு இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. நாம் ‘அமல்’ என்று எழுதுவது அரபில் இரண்டு சொற்கள். ஐனில் தொடங்கினால் வேலை. ஹம்ஸா என்ற வேறொரு மெய்யில் தொடங்கினால் நம்பிக்கை, எதிர்பார்ப்பு. வேர் வேறு, குடும்பம் வேறு. ஸீனும் ஸாதும், இரண்டு காஃபுகளும் தமிழில் ஒன்றாகிவிடும். இதயம் ‘கல்பு’, நாயும் நம் எழுத்தில் ‘கல்பு’. தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்திலேயே தமிழை எழுதிய அர்வி மரபில் இந்தச் சிக்கல் இல்லை. ஐன் ஐனாகவே நிற்கும்.

புதுப் பொருள்கள் வந்தபோது பழைய வேர்கள் கைகொடுத்தன. ஃபே, ஐன், லாமில் நடு மெய்யை இரட்டித்து, அதன்பின் நெடில் வைத்தால், ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவர் என்று பொருள். நஜ்ஜார் தச்சர், ஃகய்யாத் தையற்காரர், கஸ்ஸாப் இறைச்சி வெட்டுபவர். கசாப்புக் கடை அவருடையது. அதற்குப் பெண்பால் விகுதி சேர்த்தால் அதே வேலையை ஓயாமல் செய்யும் இயந்திரம். கழுவு என்ற வேரிலிருந்து ‘கஸ்ஸாலா’, சலவை இயந்திரம். பனி என்ற சொல்லின் வேரிலிருந்து ‘தல்லாஜா’, குளிர்ப்பெட்டி. 1932இல் நிறுவப்பட்ட கெய்ரோ அரபு மொழிக் கழகம் இந்த அச்சைக் கருவிப் பெயர்களுக்கு உரியதாக ஏற்றுக்கொண்டது. கழகத்தைக் கேட்காமலே நடந்ததும் உண்டு. தொலைபேசிக்கு நல்ல அரபில் ‘ஹாதிஃப்’ என்ற சொல் இருந்தது; ஆள் தெரியாமல் கேட்கும் குரல் என்று அதன் பழைய பொருள். மக்கள் ‘தலிஃபூன்’ என்ற ஐரோப்பியச் சொல்லைப் பிடித்து, தே, லாம், ஃபே, நூன் என்று நான்கு மெய்களை உரித்தெடுத்து, ‘தல்ஃபன’ என்று வினையாக்கிவிட்டார்கள். நான்கெழுத்து வேர்களுக்கும் அரபில் தனி வாய்பாடு உண்டு.

கார் என்பதற்கு அரபு ‘ஸய்யாரா’. செல், பயணம் செய் என்ற வேர், கஸ்ஸாலாவின் அதே அச்சு. இது புதிதாக வார்த்த சொல் அல்ல. குர்ஆனில் யூசுஃபின் கதை வரும் அத்தியாயத்தில், அண்ணன்மார் கிணற்றில் தள்ளிய சிறுவனைக் கண்டெடுத்துக் கொண்டுபோகும் வழிப்போக்கர் கூட்டத்துக்கு இந்தப் பெயர்தான். ஓயாமல் சென்றுகொண்டிருப்பவர்கள். ஒட்டக வரிசை போய் மோட்டார் வந்தபோது சொல் இறங்கி இதில் ஏறிக்கொண்டது. ஷார்ஜாவிலோ ரியாத்திலோ ஊருக்கு வெளியே வெயிலில் வரிசையாக வண்டிகள் நிறுத்தியிருக்கும் இடத்தில் பெரிய பலகை தொங்கும்: ‘ஸய்யாராத் முஸ்தஃமலா’. பழைய கார்கள் விற்கப்படும். அல்-கலீல் தம் அகராதியில் உயிருள்ள வேர்களுக்குக் கொடுத்த அதே பெயர், பெண்பால் விகுதியோடு, பத்தாண்டு ஓடிய ஒரு டொயோட்டாவின் மேல் நிழல் விழும்படி தொங்கிக்கொண்டிருக்கும்.